மெத்தைக் கடையின் வேகம்

செய்தி வந்தபோது காலை பதினொன்று இருபத்து மூன்று. அலுவலகச் சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்தொன்பது என்று காட்டிக்கொண்டிருந்தது. அது எப்போதும் நான்கு நிமிடம் பின்தங்கியே ஓடும். அதன் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: ‘நான்கு நிமிடம் கூட்டிக்கொள்ளவும்.’ கடிகாரத்தையே திருத்திவிட்டால் என்ன என்று மேலாளர் அம்மா ஒருமுறை கேட்டார். திருத்திவிட்டால் நேற்றுவரை எவ்வளவு தப்பாக இருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று சீட்டை ஒட்டியவர் பதில் சொன்னார். அவர்தான் இறந்துபோயிருந்தார்.

தொலைபேசியில் பேசியது அவருடைய மனைவியின் தம்பி. காலையில் வேலைக்குக் கிளம்பி, ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றொன்றை மாட்டக் குனிந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். மருத்துவமனைக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. நான் கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். எழுந்து போய்க் கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிடம் கூட்டினேன். ஏன் கூட்டினேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சல்லடை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

எங்கள் அலுவலகம் மாடியில் மூன்று அறைகள். காப்பீட்டு நிறுவனங்களும் போக்குவரத்து அலுவலகமும் விபத்துக் காட்சிகளை எங்களுக்கு அனுப்புவார்கள். கணினியில் ஒரு மென்பொருள் உண்டு. அது காட்சியைப் பார்த்து எது வண்டி, எது ஆள், எந்த வண்டி எவ்வளவு வேகத்தில் போனது என்று சொல்லும். நாங்கள் அதை அறிக்கையாக எழுதிக் கையெழுத்துப் போடுவோம். கையெழுத்துப் போடும் வேலை என்னுடையது. பட்டம் வாங்கியவன் என்பதால் அந்த மரியாதை. சல்லடை என்னைப் ‘பட்டதாரி’ என்றே கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பதினொரு வருடமாகியும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே வயது.

இங்கே வருவதற்கு முன் அவர் பத்தொன்பது வருடம் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார். ‘ஆடாதீங்க, மூச்சைப் பிடிங்க, ம், விடுங்க’ என்ற மூன்று வாக்கியங்களை ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொன்னவர். ஆடியவர்களின் எலும்பு படத்தில் இரண்டாகத் தெரியும். இல்லாத முறிவுக்கு ஒருவருக்கு மாவுக்கட்டுப் போட்டதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதிலிருந்து, படம் பொய் சொல்வதில்லை என்று யாராவது சொன்னால் அவருக்கு விக்கல் வரும்.

சல்லடை என்ற பெயர் வந்தது முதல் மாதத்தில். ஒரு தெருவில் இரவு எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று எண்ணித் தரச் சொல்லியிருந்தார்கள். மென்பொருள் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்து இருநூற்று ஆறு பேர் என்றது. இவ்வளவு பேர் நடந்தால் அங்கே கடை போடலாமே என்று எங்கள் கணக்காளர் மனைவிக்கே போன் செய்துவிட்டார். சல்லடை அந்தக் காட்சியை வாங்கி, விளக்கை அணைத்துவிட்டு அரை நாள் உட்கார்ந்து பார்த்தார். தெருவில் ஆளே இல்லை. இருட்டில் கேமரா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்ததில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துடித்திருக்கிறது. மென்பொருள் அந்தத் துடிப்பையெல்லாம் ஆட்கள் என்று எண்ணியிருக்கிறது. புள்ளிகளை வடிகட்டிவிட்டு மறுபடி ஓட்டினார். மூன்று பேரும் ஒரு பெட்டியும் வந்தார்கள். அந்தப் பெட்டி படுத்திருந்த நாய் என்று பிறகு தெரிந்தது. கடை போடும் யோசனையைக் கைவிட்ட வருத்தத்தில் கணக்காளர் வைத்த பெயர்தான் சல்லடை.

மென்பொருளுக்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. “புது மாப்பிள்ளை மாதிரிங்க அது,” என்பார். “கெட்டுப்போனதைப் பரிமாறினாலும் வேணாம்னு சொல்லாது. கூச்சப்பட்டுக்கிட்டுச் சாப்பிட்டுடும். அப்புறம் என்னத்தையாவது உளறும். தெரியலைன்னு ஒரு வார்த்தை வாயில வராது.” அதனால் மாப்பிள்ளையின் முன்னால் எதை வைப்பதென்றாலும் முதலில் அவர் முகர்ந்து பார்ப்பார்.

வீட்டிலும் அப்படித்தான். உறவினர் யாராவது போனில் படம் அனுப்பினால் பார்க்கவே மாட்டார். அனுப்பி அனுப்பிச் சுருங்கி வருவது படம் இல்லை, படத்தைப் பற்றிய வதந்தி என்பார். மைத்துனர் மகளின் பிறந்த நாளுக்கு வீடியோ எடுக்கச் சொன்னார்கள். முழங்கையை வயிற்றில் அழுத்தி, முதுகைச் சுவரில் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் நின்று எடுத்தார். படம் துளி ஆடவில்லை. குழந்தை மட்டும் முதல் நிமிடத்திலேயே பக்கத்து அறைக்குப் போய்விட்டது. மீதி முப்பத்தொன்பது நிமிடமும் காலி நாற்காலி, மிகத் துல்லியமாக.

இனி மெத்தைக் கடை விஷயம்.

மூன்று தெருக்கள் கூடும் ஓர் இடத்தில் ஒரு மெத்தைக் கடை. மெத்தைகளை நடைபாதையில் ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதன் உச்சியில் விற்பனையாளரை உட்கார வைப்பது கடைக்காரரின் விளம்பர உத்தி. ஒரு நாள் மாலை, வெளிச்சம் மங்கும் நேரத்தில், ஒரு தண்ணீர் லாரி திரும்பும்போது அந்த அடுக்கில் இடித்தது. விற்பனையாளர் ஏழு மெத்தைகளின் மேல் பத்திரமாக விழுந்தார். எட்டாவது மெத்தையின் விலைப்பலகையில் கை பட்டு மணிக்கட்டு முறிந்தது. லாரி அசுர வேகத்தில் வந்தது என்று கடைக்காரர் புகார் கொடுத்தார். மெத்தை ஒன்று சாலையில் சரிந்து விழுந்தது, அதற்கு ஒதுங்கியதில்தான் இடித்தேன் என்று டிரைவர் சொன்னார். அந்த இடத்தில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போயிருந்தால் கனரக வாகன உரிமம் ரத்து. டிரைவருக்கு ஐம்பத்து நான்கு வயது, வேறு தொழில் தெரியாது.

சாட்சி என்று இருந்தது ஒரே ஒரு வீடியோ. எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு தையல்காரம்மா போனில் எடுத்தது. ஒன்பது வினாடி. அவர் தங்கைக்கு அனுப்பி, தங்கை கடைக்காரருக்கு அனுப்பி, கடைக்காரர் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பி, அவர்கள் எங்களுக்கு அனுப்பினார்கள். அப்போது சல்லடை நான்கு நாள் விடுப்பு. மைத்துனர் வீடு மாறுவதற்கு உதவப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று நான் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை.

அந்தக் கோப்பை மாப்பிள்ளை ஏற்கவில்லை. காட்சியைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துக் கொடுத்தேன். வினாடிக்கு எத்தனை படம் என்று ஒரு கட்டம் கேட்டது. அதில் முன்பே முப்பது என்று இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சாலையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையே உள்ள தூரம் பதினான்கு மீட்டர் என்று அளந்து அனுப்பியிருந்தார்கள். அதையும் கொடுத்தேன். மணிக்கு எழுபத்து நான்கு கிலோமீட்டர் என்று வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

இரண்டு நாளில் டிரைவர் எங்கள் படி ஏறி வந்துவிட்டார். அறிக்கையின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். சண்டை போட வருகிறார் என்று கணக்காளர் எழுந்து கழிப்பறைப் பக்கம் போய்விட்டார். டிரைவர் என் எதிரே உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டார்.

“எழுபத்து நாலுன்னு எழுதியிருக்கீங்க. அது பதினாறு வருஷத்து லாரி சார். தண்ணி நிரம்பினா இறக்கத்துலகூட அம்பதைத் தாண்டாது. நீங்க ஒரு தடவை எழுபத்து நாலுல ஓட்டிக் காட்டுங்க. உரிமத்தை நானே கொண்டாந்து குடுத்துட்டுப் போறேன். முதலாளி சம்பளத்தை ஏத்திக் குடுப்பாரு உங்களுக்கு.”

வெள்ளிக்கிழமை விசாரணை என்றார். அன்று செவ்வாய். அவர் போன பிறகு, விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்த சல்லடை என் மேசைக்கு வந்து அறிக்கையை எடுத்துப் பார்த்தார். எழுபத்து நாலு என்பதை அவர் கேட்கவே இல்லை.

“மெத்தைக் கடை எந்த வேகத்துல போச்சு, பட்டதாரி?”

கடை எப்படிப் போகும் என்றேன்.

“போட்டுப் பாருங்க.”

லாரிக்குப் பதிலாகக் கடையின் பெயர்ப் பலகையைக் குறித்து, மற்ற எதையும் மாற்றாமல் ஓட்டினேன். மாப்பிள்ளை கொஞ்சமும் யோசிக்கவில்லை. பலகை, அதாவது கடை, மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் லாரி போன திசையிலேயே போய்க்கொண்டிருந்தது. கழிப்பறையிலிருந்து திரும்பி வந்த கணக்காளர் திரையைப் பார்த்துவிட்டு, வாடகை கட்ட முடியாமல் காலி செய்கிறார்கள் போலிருக்கிறது என்றார்.

நான் சிரிக்கவில்லை. சல்லடையும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குக் காட்டினார். தையல்காரம்மா சத்தம் கேட்டதும் போனைத் திருப்பியிருக்கிறார், அதுவும் லாரி போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. கேமரா அப்படித் திரும்பினால் சுவர், கம்பம், கடை எல்லாமே படத்துக்குள் லாரியோடு சேர்ந்து ஓடும். கேமரா அசையாமல் இருப்பதாக மாப்பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறது. எனவே கையின் ஓட்டத்தையும் லாரியின் கணக்கில் சேர்த்துவிட்டது.

அடுத்து என் படங்களை எண்ணினார். நூற்று முப்பத்தைந்து. காட்சி ஒன்பது வினாடி. வகுத்துப் பாருங்கள் என்றார். பதினைந்து. வெளிச்சம் குறைந்தால் போன் ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், ஆகவே வினாடிக்கு முப்பதுக்குப் பதில் பதினைந்துதான் எடுத்திருக்கிறது. நான் முப்பது என்று விட்டதால் ஒன்பது வினாடி நாலரை வினாடியாகிவிட்டது. லாரியின் வேகம் இரட்டிப்பு, கடையின் வேகமும் இரட்டிப்பு. பட்டப்படிப்பில் எனக்குக் கணிதம் துணைப்பாடம்.

எழுபத்து நாலில் பன்னிரண்டைக் கழித்துப் பாதியாக்கினால் முப்பத்தொன்று. அப்படியே திருத்தி எழுதிவிடலாமே என்று கேட்டேன். முடியாது என்றார். கழித்தல் போட்டு ஒருவர் உரிமத்தைக் காப்பாற்றினால், நாளைக்குக் கூட்டல் போட்டு இன்னொருவர் அதைப் பறிப்பார். நான்கு பேர் கை மாறிய இந்தப் பிரதியில் லாரியின் பின்பக்கம் சுவரோடு சதுரம் சதுரமாக ஒட்டிக்கிடக்கிறது. ஒரு படத்தில் மாப்பிள்ளை லாரியைப் படகு என்று சொல்லியிருக்கிறது. அசையாத மூலை எது என்று பிடிக்கவே வழியில்லாதபோது ஆட்டத்தை எப்படி நிறுத்துவது? படங்கள் சம இடைவெளியில் எடுக்கப்பட்டனவா என்பதும் தெரியாது. எந்தப் படம் எந்த நொடியில் எடுத்தது என்ற குறிப்பு மூலக் கோப்பில் இருக்கும். அந்தம்மாவின் போனில் இருப்பதுதான் வேண்டும்.

மேலாளர் அம்மாவுக்குக் குறுக்குவழி ஒன்று தோன்றியது. மங்கலான படத்தைப் பளிச்சென்று ஆக்கும் செயலி ஒன்று அவர் போனில் இருந்தது. எங்கள் பிரதியை அதில் போட்டுக் காட்டினார். உண்மையிலேயே கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. கடைப் பலகையில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துக்கள். டிரைவரின் முகத்தில் அடர்ந்த மீசை.

“அவருக்கு மீசை இல்லையேம்மா,” என்றார் சல்லடை.

“அப்ப எடுத்தப்போ இருந்திருக்கலாம்ல சார்?”

“இருந்திருக்கலாம்மா. ஆனா இது பார்த்து வரையலை. இருந்தா நல்லா இருக்கும்னு வரையுது.”

புதன்கிழமை காலை நாங்கள் இருவரும் தையல்காரம்மா வீட்டுக்குப் போனோம். குறுகிய படிக்கட்டு, கடைசியில் ஓர் அறை, ஜன்னலோரம் தையல் இயந்திரம், பால்கனி. அவர் எங்களை உட்காரச் சொல்லி, தைத்துக்கொண்டே பேசினார். வீடியோதானே, இப்போதே அனுப்புகிறேன் என்று போனை எடுத்தார். அனுப்ப வேண்டாம், அனுப்பினால் மறுபடியும் சுருங்கிவிடும், வயர் கொண்டு வந்திருக்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்று சல்லடை சொன்னதும் தையல் நின்றது. வயர் எல்லாம் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டால் ஜன்னலைப் பார்த்தார். முழுக் கோப்பும் வேண்டும், வெட்டாதது வேண்டும் என்று சல்லடை சொல்லச் சொல்ல அவர் போனை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கடைசியில் கதை வெளியே வந்தது. அவர் படம் எடுக்கக் கிளம்பியது லாரியை அல்ல. மேல் மாடியில் அவருடைய நாத்தனார் குடியிருக்கிறார். துணியைப் பிழியாமல் காயப்போடுவார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இவருடைய பால்கனியில், தைத்து வைத்த துணிமேல் விழும். கேட்டால் ஒரு சொட்டுகூட விழவில்லை என்று சாதிப்பார். அன்று அதைத்தான் இவர் போனில் பிடித்துக்கொண்டிருந்தார், ஐம்பத்தொரு வினாடி. பிடித்துக்கொண்டே நாத்தனாரைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் வாய்விட்டும் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் கீழே லாரி ஹார்ன் அடித்த சத்தம். போனைத் திருப்பிவிட்டார். தங்கைக்கு அனுப்பும்போது முன்பகுதியை வெட்டிவிட்டார். முழுக் கோப்பு விசாரணைக்குப் போனால் அந்தப் பேச்சும் போகும். நாத்தனாரின் கணவர் இவருடைய சொந்த அண்ணன், பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம்.

“அந்த டிரைவருக்கு வேலை போயிடும்மா,” என்றேன் நான்.

“எனக்கு அண்ணன் போயிடுவாரே,” என்றார் அவர்.

சல்லடை பால்கனியை எட்டிப் பார்த்தார். மேலிருந்து அன்றைக்கும் ஒரு போர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

“எனக்குக் காது வேண்டாம்மா, கண்ணு போதும். சத்தத்தை எடுத்துட்ட பிரதியைத்தான் விசாரணைக்குக் குடுப்பேன். எடுத்துட்டேன்னு எழுதியும் குடுப்பேன். மூலத்தைப் பூட்டி வெச்சிருப்பேன், நானே கேக்க மாட்டேன். அவங்களா வாய்விட்டுக் கேட்டாத்தான் எடுக்கணும். மெத்தை விழுந்த கேஸுல சத்தத்தைக் கேக்க மாட்டாங்கம்மா.”

தையல்காரம்மா யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். உங்கள் இயந்திரம் எல்லாவற்றையும் எண்ணுமாமே, அந்த ஐம்பத்தொரு வினாடியில் எத்தனை சொட்டு விழுந்தது என்று எண்ணி, முத்திரை போட்டுக் காகிதத்தில் தர வேண்டும். நாத்தனார் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

நான் சிரித்துவிட்டேன். சல்லடை சிரிக்கவில்லை. முத்திரை எங்கள் கையில் இல்லை, ஆனால் எண்ணித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வயரைப் போட்டுக் கோப்பை எடுத்தார். போகும் முன் அந்தம்மாவைப் போனைப் பிடித்துக்கொண்டு அன்று நின்ற மாதிரியே நிற்கச் சொன்னார். ஒரு கையில் போன், மறு கையில் நனைந்த ரவிக்கைத் துணி என்று நடித்துக் காட்டினார் அவர். இனிமேல் இரண்டு கையாலும் பிடியுங்கள், முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள், பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொள்ளுங்கள் என்று சல்லடை சொல்லிக் கொடுத்தார்.

“ஆடாதீங்க. மூச்சைப் பிடிங்க.”

“எவ்வளவு நேரம்?”

“நாத்தனார் பிழியற வரைக்கும்.”

வியாழக்கிழமை முழுவதும் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மூலக் கோப்பைத் தொடவே முடியாதபடி பூட்டிவிட்டுப் பிரதி ஒன்று எடுத்தார். அதன் ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் குறித்துக்கொண்டார். சில படங்களுக்கு இடையே பதினைந்தில் ஒரு பங்கு வினாடி, சிலவற்றில் சற்றுக் கூட. அதை அப்படியே வைத்துக்கொண்டார், சமப்படுத்தவில்லை. பிறகு இருட்டுப் புள்ளிகளைக் கொஞ்சமாகத் தணித்தார். அதிகம் தணித்தால் லாரியின் ஓரமும் சேர்ந்து கரைந்துவிடும். அதற்குப் பிறகுதான் வெளிச்சத்தைக் கூட்டினார். நான் முதலில் வெளிச்சத்தைக் கூட்டியிருப்பேன். அப்படிச் செய்தால் புள்ளிகளுக்கும் விளக்குப் போட்டுக் காட்டிய மாதிரி ஆகிவிடும் என்றார்.

அடுத்தது ஆட்டம். கடைப் பலகையின் நான்கு மூலைகள், விளக்குக் கம்பத்தின் உச்சி, எதிர்ச் சுவரின் ஜன்னல் விளிம்பு. நகர முடியாதவை எவையோ அவற்றைக் குறித்து, ஒவ்வொரு படத்தையும் முதல் படத்தின்மேல் பொருத்தினார். மூலக் கோப்பில் அந்த மூலைகள் தெளிவாக இருந்தன. கை நடுங்கி முழுக்கவே இழுபட்டுப்போன நான்கு படங்களை மாப்பிள்ளைக்குக் கொடுக்காமல் ஒதுக்கி, ஏன் ஒதுக்கினேன் என்று எழுதி வைத்தார். கூர்மையாக்கும் பொத்தானைத் தொடவில்லை. முடித்ததைச் சுருக்காமல் சேமித்தார். ஒன்பது வினாடி இரண்டு திரைப்படம் அளவுக்கு இடம் பிடித்தது. மேலாளர் அம்மா இடம் போதாது என்று முனகினார்.

மாலையில் மாப்பிள்ளைக்கு முதலில் காட்டியது லாரியை அல்ல, கடைப் பலகையை. பூஜ்யம்.

“கடை நின்னுடுச்சு,” என்றார். “இப்ப லாரியைக் கேளுங்க.”

முப்பத்தொன்று. நான்கு கூடலாம், நான்கு குறையலாம் என்று சேர்த்து எழுதச் சொன்னார். லாரியின் ஓரம் இருட்டில் இழுபட்டிருப்பதால் அதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியாது. முப்பத்தொன்று என்று மட்டும் எழுதினால் டிரைவருக்கு இன்னும் வசதியாக இருக்குமே என்றேன். கூட்டினாலும் முப்பத்தைந்துதான், நாற்பதைத் தொடவில்லை, உண்மையே போதுமானதாக இருக்கும்போது ஏன் அதற்கு மீசை வைக்க வேண்டும் என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் அதிகாரி, கடைக்காரர், கையில் கட்டோடு விற்பனையாளர், டிரைவர், நாங்கள் இருவர். டிரைவர் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். அது அவரை இன்னும் குற்றவாளியாகக் காட்டியது. அதிகாரி இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே அலுவலகம், ஒரே கையெழுத்து, சில நாள் முன்னால் எழுபத்து நாலு, இன்றைக்கு முப்பத்தொன்று, நாளைக்கு லாரி பின்னால் போகுமா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டவன் நான். எழுந்து நின்றேன். சல்லடை என் சட்டையை இழுத்து உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்தார்.

“முதல் அறிக்கையும் சரின்னே வெச்சுக்கலாம் சார். ஆனா அதே வீடியோவுல, அதே கணக்குல, இவரோட மெத்தைக் கடையும் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்துல போயிருக்கு. லாரிக்கு முன்னாடி கடைக்கு உரிமம் இருக்கான்னு கேக்கணும் சார்.”

அதிகாரி ஒரு கணம் விழித்தார். கட்டுப் போட்ட விற்பனையாளர்தான் முதலில் சிரித்தது. கடை ஓடியிருந்தால் இவ்வளவு மெதுவாக வியாபாரம் நடக்காது என்று அவர் முனகியது முதலாளிக்குக் கேட்டுவிட்டது. பிறகு சல்லடை மடிக்கணினியைத் திறந்து இரண்டு காட்சிகளையும் போட்டுக் காட்டினார். ஆடும் காட்சியில் எல்லாம் ஓடுகிறது. பொருத்திய காட்சியில் சுவர் நிற்கிறது, கம்பம் நிற்கிறது, ஒரு மெத்தை மட்டும் அடுக்கிலிருந்து மெதுவாகச் சாலைப் பக்கம் சரிகிறது, அதற்குப் பிறகுதான் லாரி ஒதுங்குகிறது. பழைய பிரதியில் அந்த மெத்தை சதுரங்களுக்குள் கரைந்துபோயிருந்தது. டிரைவர் சொன்னது அப்படியே இருந்தது, அவர் சொன்ன வரிசையில். ஒலி ஏன் இல்லை என்று அதிகாரி கேட்கவில்லை. இல்லை என்று அறிக்கையின் மூன்றாம் பத்தியிலேயே எழுதியிருந்தது.

உரிமம் அவரிடமே இருந்தது. மெத்தைகளை நடைபாதையிலிருந்து எடுக்கச் சொல்லிக் கடைக்காரருக்கு உத்தரவு. வெளியே வந்ததும் டிரைவர் சல்லடையின் கையைப் பிடித்துக்கொண்டார். என்றைக்காவது வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் ஒரு போன் போடுங்கள் என்றார். என் முதல் அறிக்கையைப் பற்றி அன்றும் பிறகும் சல்லடை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை என் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு இருந்தது: ‘கடை நிற்கிறதா என்று முதலில் பார்க்கவும்.’

அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது.

அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தெரு முனையில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. யாரும் கூப்பிடவில்லை, டிரைவர் தானாகவே வந்து தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். கூடத்தில் உறவினர்கள் எந்தப் படத்தைச் சட்டமிடுவது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் தேறவில்லை. அவர்தான் எப்போதும் எடுப்பவர், படத்தில் இருக்க மாட்டார். இருந்தவை போனில் வந்த படங்கள், எல்லாம் வதந்திகள். கடைசியில் அவர் மனைவி அலமாரியிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்து வந்தார்.

“எல்லாரும் மங்கலா இருக்கோம் பாருங்க,” என்று என்னிடம் காட்டினார். “நான்கூட ஆடிட்டேன். இவரு மட்டும்தான் தெளிவா இருக்காரு. தாலி கட்டுன மனுஷன் மூச்சுகூட விடாம நின்னாருன்னு எங்கம்மா பயந்துட்டாங்க.”

இன்று அவருடைய கணினியில் இருப்பதைப் பட்டியலிட்டுத் தரும்படி மேலாளர் அம்மா கேட்டார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. எதைப் பூட்டினார், எதைப் பிரதி எடுத்தார், எந்தப் படத்தை ஏன் ஒதுக்கினார் என்று எல்லாவற்றுக்கும் குறிப்பு இருந்தது. கடைசியாகத் திறந்திருந்த கோப்புறையின் பெயர் ‘சொட்டு’. மாப்பிள்ளையிடம் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறார். இருட்டும் ஆட்டமும் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம் சொட்டுகள் என்று அது சொல்லியிருக்கிறது. நாத்தனாருக்கு எதிராகவும் அநியாயம் கூடாது என்று பக்கத்தில் எழுதியிருந்தார். எனவே பால்கனிக் கம்பியின் இரண்டு முனைகளையும் குறித்துப் படங்களைப் பொருத்தி, மதிய உணவு இடைவேளைகளில் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து எண்ணியிருக்கிறார். மொத்தம் ஐம்பத்தொரு வினாடி. முப்பத்தெட்டாவது வினாடி வரை நூற்று நாற்பத்து மூன்று சொட்டுகள்.